நாற்பது கொக்கி, ஒரு வளையம்: இரவுக் காவலர் சாவி எண்ணும் சிறுகதையை எழுதும் முறை

கடைத்தொகுதி மூடும் நேரம். காவலர் ஒருவர் சாவிப் பெட்டியைத் திறந்து, கொக்கி கொக்கியாக எல்லாச் சாவியையும் சரிபார்க்கிறார். கதையில் நடப்பது இவ்வளவுதான். புதிதாக எழுத வருபவர்களுக்கு இந்தக் கதையைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. ஒரே ஆள், ஒரே இடம், கால் மணி நேரம் என்று எல்லை சிறியது. கதையின் வரிசையையும் கொக்கிகளின் எண்களே கொடுத்துவிடுகின்றன. ஒன்றில் தொடங்கி நாற்பதில் முடிக்க வேண்டும். இவ்வளவு தெளிவான பாதை இருந்தும் பெரும்பாலான முதல் வரைவுகள் மூன்றாம் பத்தியிலேயே தடம் மாறி, காவலரின் இளமைக்காலத்துக்குள் போய்விடுகின்றன. எழுதுபவருக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன தொங்குகிறது என்று தெரியாததுதான் அதற்குக் காரணம். தெரியாத இடத்தை நினைவுகளால் நிரப்பிவிடுகிறார்.

ஆகவே கதையின் முதல் வாக்கியத்துக்கு முன்னால் பெட்டியைக் கட்டிமுடியுங்கள்.

பெட்டியைத் தாளில் கட்டுங்கள்

ஒரு தாளில் எட்டு எட்டாக ஐந்து வரிசை கட்டம் போட்டு, 1 முதல் 40 வரை எண் இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறையின் பெயர் வேண்டும். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் நான்கு மாடியுள்ள பழைய கடைத்தொகுதி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பெட்டியில் இருப்பவை அந்தக் கட்டடத்தின் பொது இடங்களுக்கான சாவிகள்: பின்வாசல், சரக்கு இறக்கும் இடத்தின் ஷட்டர், குப்பை அறை, ஒவ்வொரு மாடியிலும் கழிவறைகள், மின்கம்பிகள் ஏறும் ரைசர் அறைகள், பம்ப் அறை, மின்விசை அறை, லிப்ட் மோட்டார் அறை, மொட்டைமாடி, நிர்வாக அலுவலகம்.

பலரும் முதலில் தவறுவது இங்கேதான். தையல்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று கடைகளின் சாவிகளையெல்லாம் காவலர் பெட்டியில் மாட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான கடைத்தொகுதிகளில் கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். காவலர் பொறுப்பில் இருப்பவை யாருக்கும் சொந்தமில்லாத அறைகளின் சாவிகள். கதைக்கு இது நல்லது. நகைக்கடைச் சாவி தொங்கினால் வாசகர் உடனே திருட்டை எதிர்பார்ப்பார். ரைசர் அறைச் சாவியிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்து, வளையங்கள். கொக்கி ஒன்றில் தொங்குவது ஒரு வளையம். அதில் எண் எழுதிய வில்லை இருக்கும், சாவி ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கும். நம் பெட்டியில் 29 வளையங்களில் ஒவ்வொரு சாவி, ஒன்பது வளையங்களில் இரண்டிரண்டு, இரண்டு வளையங்களில் மூன்று மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஆக 40 வளையங்கள், 53 சாவிகள். இந்த இரண்டு எண்களையும் தாளின் தலைப்பில் எழுதிவையுங்கள். கதை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் நடக்கப்போகிறது.

யார் அந்தக் காவலர், எந்த ஆண்டு

சிங்கப்பூரில் காவலர் வேலைக்கு எவரையும் எடுத்துவிட முடியாது. போலீசின் உரிமம் வேண்டும். சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ மலேசியராகவோ இருக்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் வந்து தங்கும்விடுதியில் இருக்கும் இளைஞரை இரவில் கடைத்தொகுதிக் காவலுக்கு உட்காரவைத்து எழுதப்பட்ட கதைகள், உள்ளூர் வாசகரிடம் முதல் பக்கத்திலேயே நம்பிக்கையை இழந்துவிடும். அந்த இளைஞரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவருடைய வேலையை எழுதுங்கள். இந்தப் பெட்டியின் முன் நிற்பவர் வேறொருவர்.

காலத்தையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். ‘ஜாகா’ என்ற சொல் மலாயிலிருந்து வந்தது. கயிற்றுக்கட்டிலைக் கிடங்கின் வாசலில் போட்டுப் படுத்துக் காவல் காத்த அந்தக் காலத்து ஜாகாக்களில் பலர் சீக்கியர்கள். பேச்சில் அந்தச் சொல் இன்றும் மிச்சமிருக்கிறது. ஆனால் இன்றைய காவலரைக் கதைசொல்லி ‘ஜாகா’ என்று அழைத்தால் கதை ஐம்பது, அறுபது ஆண்டுகள் பின்னால் போய்விடும். சீன ஆன்ட்டி ஒருவர் அவரை ‘அங்கிள்’ என்பார். தமிழ்க் கடைக்காரர் ‘அண்ணே’ என்பார். பிறரிடம் பேசும்போது ‘செக்யூரிட்டி’ என்பார்கள். செய்தித்தாளில் மட்டும்தான் ‘பாதுகாவல் அதிகாரி’.

நம் கதைக்கு இரண்டு ஆட்கள் போதும். இரவில் முத்தையா, வயது 58. பகலில் சுப்பையா, வயது 67. இரவு எட்டுக்கும் காலை எட்டுக்கும் ஆள் மாறுகிற பன்னிரண்டு மணி நேர வேலை. சுப்பையாவின் வயதைச் சும்மா போடவில்லை. 2022 ஜூலை முதல் முதலாளிகள் தகுதியுள்ள ஊழியருக்கு 68 வயதுவரை மறுவேலை தர வேண்டும் என்பது சட்டம். 2026 ஜூலையில் அது 69 ஆகிறது. கதையை 2024இல் வைத்தால் சுப்பையாவுக்கு அந்த எல்லைக்கு ஒரு வயது பாக்கி. அடுத்த ஒப்பந்தம் வருமா என்ற யோசனை அவருக்கு இருக்கும், முத்தையாவுக்கும் அது தெரியும். இந்தச் சட்டத்தைக் கதைக்குள் விளக்க வேண்டாம். “அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் போடுவானான்னு தெரியல” என்று ஒரு வரி போதும்.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது

எட்டு மணிக்குப் பொறுப்பு கைமாறுகிறது. பத்து மணிக்குக் கடைகள் மூடுகின்றன. முத்தையா மாடியிலிருந்து கீழே வருகிறார். வழியில் கழிவறைகள், பக்கக் கதவுகள், கடைசியாகச் சரக்கு ஷட்டர் எல்லாம் பூட்டப்படுகின்றன. கையிலிருக்கும் சாவிகளோடு காவல் மேசைக்கு வந்து, இடுப்பில் தொங்கும் சாவியால் இரும்புப் பெட்டியைத் திறக்கிறார். பெட்டியின் சாவி பெட்டிக்குள் தொங்காது. இந்தச் சின்ன விஷயத்தைக் கதையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் அவர் பார்ப்பது பெட்டியை அல்ல, சாவிப் பதிவேட்டை. யார் எந்த எண்ணை எத்தனை மணிக்கு எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார், கையெழுத்து. ‘திரும்பியது’ என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறதா என்று கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போகிறார். பிறகுதான் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் மூன்று செயல்: கொக்கியின் கீழே உள்ள எண்ணும் வில்லையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது, வளையத்தில் எத்தனை சாவி என்று எண்ணுவது, கையைவிட்டு அடுத்ததற்கு நகர்வது. ஒன்றுக்குப் பதினைந்து விநாடி என்றால் நாற்பதுக்குப் பத்து நிமிடம். கடைசியில் ஓபி எனப்படும் சம்பவப் பதிவேட்டில் நேரத்தைப் போட்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுகிறார்.

மூன்று செயலில் முதலாவதை எல்லாரும் செய்வார்கள். இரண்டாவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். வில்லைகள் நாற்பதும் வரிசையாகத் தொங்கினால் பெட்டி நிறைந்திருப்பதாகவே கண்ணுக்குப் படும்.

எந்தக் கொக்கியில் கதை தொடங்குகிறது

காலியான கொக்கியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காலியிடம் பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பிறகு எண்ணுவதற்கு வேலையே இல்லை, உங்கள் வரிசையும் பயனற்றுப்போகும். மேலும், காலிக் கொக்கி ‘யார் எடுத்தது?’ என்ற கேள்வியை மட்டுமே எழுப்பும். அது துப்பறியும் கதையின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல 1,200 சொற்கள் போதாது.

நம் கதையில் கொக்கி 19. அது மொட்டைமாடிக்கானது. வளையத்தில் இரண்டு சாவி இருக்க வேண்டும்: மாடிக் கதவின் நீளச் சாவி, குடிநீர்த் தொட்டி மூடியில் மாட்டிய தொங்குபூட்டின் குட்டைப் பித்தளைச் சாவி. அன்று பகல் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டேகாலுக்கு 19ஐ எடுத்தார்கள், ஐந்தரைக்குத் திருப்பித் தந்தார்கள். பதிவேட்டில் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. வில்லை கொக்கியில் தொங்குகிறது. வளையத்தில் ஒரு சாவிதான் இருக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு எழுதுபவரிடம் விடை இருக்க வேண்டும், கதையில் அது முழுதாக வராவிட்டாலும். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கீழே போய்ப் பொருள் எடுத்துவர வேண்டியிருந்ததால், மலிவான வளையத்தை நகத்தால் பிரித்துச் சாவிகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். தொங்குபூட்டுகளில் ஒரு வகை உண்டு. திறந்திருக்கும் வரை சாவியை உருவ முடியாது, கொண்டியை அழுத்திப் பூட்டினால்தான் சாவி கையோடு வரும். தொட்டியில் இருப்பது அந்த வகை. அப்படியென்றால் குட்டைச் சாவி இப்போது பூட்டிலேயே இருக்கலாம், பூட்டு திறந்தே இருக்கலாம், தொட்டியின் மூடி யார் வேண்டுமானாலும் தூக்கும்படி இருக்கலாம். அல்லது யாரோ ஒருவரின் சட்டைப்பையில் அந்தச் சாவி வீட்டுக்குப் போயிருக்கலாம். முத்தையாவுக்கு இரண்டும் தோன்றும். கட்டடம் முழுவதும் குடிக்கிற தண்ணீர் அது. அந்த மூடி எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இதோடு நின்றால் இது ஒரு பராமரிப்புக் கோளாறு. கதையாவது எட்டு மணிக்கு நடந்த ஒன்றால். சுப்பையாவிடம் பொறுப்பை ஏற்றபோது முத்தையா ஓபியில் ‘சாவிகள் அனைத்தும் சரி’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். வில்லைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டார். ஐந்தரைக்குச் சுப்பையா கவனிக்காமல் வாங்கியது, எட்டு மணிக் கையெழுத்தோடு முத்தையாவின் குறையாகிவிட்டது. இப்போது எழுதினால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். எழுதாமல் விட்டால் காலையில் அதே பெட்டியை அதே சுப்பையாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

சொற்களைப் பங்கிடுங்கள்

கதைக்கு 1,200 சொல் என்று வைத்தால் நாற்பது கொக்கிக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு முப்பது வரும். அப்படி எழுதினால் வாசகர் பத்தாவது கொக்கியில் உறங்கிவிடுவார். இப்படிப் பங்கிடலாம்: முதல் மூன்று கொக்கிக்கு 200 சொல். நான்கு முதல் பதினெட்டுக்கு 250, எட்டு மணி உரையாடல் இதற்குள்ளேயே. பத்தொன்பதுக்கு 400. இருபது முதல் நாற்பதுக்கு வெறும் 100. ஓபிக்கு 250.

முதல் மூன்றுக்கு அவ்வளவு இடம் தருவது வாசகருக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கத்தான். எண், அறை, எத்தனை சாவி என்ற முறை அவருக்குப் பழகிவிட வேண்டும். இரண்டு சாவி உள்ள வளையம் ஒன்று இந்த மூன்றுக்குள் கட்டாயம் வரட்டும். விரல் பட்டதும் இரண்டு சாவியும் ஒன்றோடொன்று இடித்து ஒலிப்பதை அங்கே கேட்கவையுங்கள். பத்தொன்பதில் அந்த ஒலி வராது. முன்பே கேட்டிருந்தால்தான் வராததை வாசகர் கவனிப்பார்.

இருபது முதல் நாற்பதுக்கு ஏன் நூறு சொல் என்று கேட்கலாம். குறையைக் கண்டபிறகும் முத்தையா எண்ணுவதை நிறுத்தவில்லை என்பதைக் காட்டும் பகுதி அது. வேலை தெரிந்தவர் பாதியில் நிறுத்த மாட்டார், மீதியிலும் குறை இருக்கக்கூடும். இருபத்தொரு கொக்கிகளை அவர் அதே மூன்று செயலோடு கடக்கிறார். விரல் ஒன்றை எண்ணுகிறது, மனம் வேறொன்றில் இருக்கிறது. அவருடைய கலக்கத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கதையில் இல்லை. கலக்கம் என்ற சொல்லை எழுதாமலே அதைச் செய்யலாம்: ஓர் எண்ணை அவர் இரண்டாம் முறை எண்ணும்படி எழுதுங்கள், அவ்வளவுதான்.

உரையாடல்: நான்கு வரி

எட்டு மணிக் காட்சியைத் தனிக் காட்சியாக எழுத வேண்டாம். பத்தாவது, பதினொன்றாவது கொக்கிகளுக்கு நடுவே முத்தையாவின் நினைவில் வந்து போகட்டும். இப்படி:

“சாவி எல்லாம் வந்துருச்சாண்ணே?”

“நாப்பதும் இருக்கு. தண்ணித்தொட்டி ஆளுங்க அஞ்சரைக்கே குடுத்துட்டாங்க.”

“சரிண்ணே.”

“சைன் போடு தம்பி, என் பஸ் ரெண்டு நிமிஷத்துல வருது.”

சுப்பையா பொய் சொல்லவில்லை. நாற்பதும் இருக்கிறது, வளையங்கள் நாற்பது. இந்த ‘நாப்பதும்’ என்ற ஒரு சொல்தான் உரையாடலின் வேலை. பஸ்ஸும் வேண்டும், ஏனென்றால் முத்தையா ஏன் எண்ணாமல் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு அதுவே காரணம். வயதானவரைக் காக்கவைக்க மனம் வரவில்லை. இதைக் கதைசொல்லி விளக்கத் தேவையில்லை. ‘முத்தையா பேனாவை வாங்கினார்’ என்று அடுத்த வாக்கியத்தை எழுதிவிட்டுப் பதினொன்றாம் கொக்கிக்குப் போய்விடலாம்.

பத்தொன்பதாம் கொக்கி: இரண்டு வரைவுகள்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

*முத்தையா பத்தொன்பதாம் கொக்கியைப் பார்த்ததும் திடுக்கிட்டார். அவருடைய இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. வளையத்தில் ஒரு சாவி குறைந்தது. ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று அவருடைய உள்மனம் சொல்லியது. இத்தனை வருட நேர்மையான வாழ்க்கைக்கு இப்படியொரு சோதனையா?*

இதில் என்ன கோளாறு? கண்டுபிடிப்பதற்கு முன்பே திடுக்கிட்டுவிடுகிறார். இரண்டாம் வாக்கியத்திலிருந்து எல்லாமே அவரைப் பற்றியது, சாவியைப் பற்றி ஒரே ஒரு வரி. எந்தச் சாவி என்றுகூட இல்லை. கடைசிக் கேள்வி வாசகர் தாமாக அடைய வேண்டிய இடத்துக்கு அவரைக் கைப்பிடித்து இழுத்துப்போகிறது.

அதே இடம், செயலை மட்டும் நம்பி:

*பதினெட்டு. லிப்ட் மோட்டார் அறை. ஒன்று.*

*பத்தொன்பது. மொட்டைமாடி. விரலால் தள்ளினார். சத்தம் வரவில்லை. கொக்கியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். கதவின் நீளச் சாவி. அதைப் புரட்டினார், குட்டைச் சாவி அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதுபோல. வளையத்தின் வாய் லேசாக விரிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிவிட்டு, வளையத்தைத் திரும்ப மாட்டினார்.*

*இருபது. பம்ப் அறை. ஒன்று.*

விரிந்த வளையத்தை அவர் அழுத்தி மூடுவதைக் கவனியுங்கள். கை தானாகச் செய்த காரியம் அது, ஆனால் நடந்ததற்கு இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விட்டது. முப்பதாவது கொக்கி அருகில் அவருக்கு இது உறைக்கும்படி எழுதினால் பின்பகுதிக்கு வலு கூடும். ‘சத்தம் வரவில்லை’ என்ற இரண்டு சொல்லை எந்த விளக்கமும் இல்லாமல் விட்டிருப்பதற்குக் காரணம், முதல் மூன்று கொக்கிகளில் அதற்கான வேலையை முடித்துவிட்டோம் என்பதுதான்.

பத்தொன்பதுக்கு ஒதுக்கிய நானூறில் இந்தப் பகுதி ஐம்பதைக்கூடத் தொடவில்லை. மீதியில் மூன்றே விஷயம். பதிவேட்டைத் திரும்பப் புரட்டி இரண்டேகால், ஐந்தரை என்ற நேரங்களைப் பார்க்கிறார். பூட்டிலேயே சாவி இருக்குமோ, கொண்டி திறந்திருக்குமோ என்று யோசிக்கிறார், அந்தப் பூட்டைத் தானே முன்பு திறந்துமூடிய அனுபவத்திலிருந்து. சுப்பையாவுக்குப் போன் செய்யக் கைப்பேசியை எடுத்து, மணியைப் பார்த்து, வைத்துவிடுகிறார். இந்த நேரத்தில் அவர் உறங்கியிருப்பார், மறுநாள் ஏழேகாலுக்குப் பஸ் ஏற வேண்டும். மனைவி, மகன், ஊர் எதுவும் இங்கே வேண்டாம். அவருக்கு ஒரு நினைவு தந்தே ஆக வேண்டும் என்றால் அது சாவியைப் பற்றியதாக இருக்கட்டும், கதையில் ஒன்றே ஒன்று.

முடிவு: ஏறுவதற்கு முன்னால்

இந்தக் கதையில் முடிவு மூன்று இடங்களில் அமையலாம். முத்தையா மாடிக்குப் போய்ப் பூட்டில் சாவியைக் கண்டு எடுத்து வந்து மாட்டுகிறார் என்றால் குறை தீர்ந்துவிடுகிறது. எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வி அப்போது இன்னும் கூர்மையாகும், ஆனால் கதை இரண்டு மடங்கு நீளும், மொட்டைமாடி இரவும் விளக்குகளும் உள்ளே வந்து சாவிப் பெட்டியை மறக்கடிக்கும். போய்ப் பார்த்துச் சாவி இல்லை என்றால் காலிக் கொக்கிக் கதையாகிவிடும்.

மூன்றாவது, அவர் ஏறுவதற்கு முன்பே எழுதிவிடுவது. சாவி மேலே இருந்துவிட்டால் எழுத மனம் வராது என்று அவருக்கே தெரியும். ஆகவே கண்டுபிடிப்பதற்கு முன்னால், திரும்ப முடியாதபடி எழுதிவிடுகிறார். இந்த முடிவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. காரணம், அவருடைய நிலைமை முழுவதையும் ஒரே செயல் சொல்லிவிடுகிறது.

ஓபியைப் பற்றி இரண்டு செய்தி. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும், நேரம் 24 மணிக் கணக்கில் நான்கு இலக்கமாக வரும். தமிழ்க் கதையில் அதைத் தமிழிலேயே தரலாம், ஆனால் அந்தச் சுருக்கத்தையும் உணர்ச்சியில்லாத தொனியையும் காப்பாற்றுங்கள். இரண்டாவது, அதில் அழிப்பதோ வெள்ளை மை பூசுவதோ கிடையாது. தவறினால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் இட வேண்டும், அடியில் உள்ளது படிக்கும்படி இருக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் எட்டு மணி வரியை முத்தையா அடிப்பதாக எழுதுகிறார்கள். அடிக்க வேண்டியதில்லை. எட்டு மணிக்கு அவர் கையெழுத்திட்டது உண்மை. அந்த வரியை அப்படியே விட்டுக் கீழே புதிய வரி எழுதுகிறார்:

*2225. சாவி எண் 19. வளையத்தில் 1 சாவி மட்டும், தொட்டிப் பூட்டுச் சாவி இல்லை. 2000 மணிக்கு வளையங்களை மட்டும் எண்ணிக் கையெழுத்திட்டேன். பார்க்க மொட்டைமாடிக்குச் செல்கிறேன்.*

சுப்பையாவின் பெயர் இதில் இல்லை. ஐந்தரை மணிக்கு யார் வாங்கினார் என்பது பதிவேட்டில் இருக்கிறது, தேடுபவர் பார்த்துக்கொள்வார். முத்தையா தன் பங்கை மட்டும் எழுதுகிறார். கதையின் கடைசி வாக்கியம் இதற்குப் பின்னால் ஒன்றே ஒன்று வரலாம்: அவர் டார்ச்சை எடுத்து, 19ஐக் கொக்கியிலிருந்து கழற்றி, பதிவேட்டில் தன் பெயரில் ‘எடுத்தது’ என்று நேரம் போடுகிறார். ‘திரும்பியது’ கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதற்குமேல் ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள்.

திருத்தும்போது

வரைவு முடிந்ததும் நீங்கள் கட்டிய நாற்பது கட்டத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொரு கொக்கியையும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து டிக் இருந்தால் சரியான அளவு. எட்டுக்குக் குறைந்தால் எண்ணுவது போன்ற உணர்வு வராது, இருபதைத் தாண்டினால் பட்டியலாகிவிடும். ஒரே அறைக்கு இரண்டு எண் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இது அடிக்கடி நடக்கிறது, கூர்ந்து படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு ‘சாவி’ என்ற சொல்லை வட்டமிட்டுக்கொண்டு போங்கள். உண்மையான சாவியைக் குறிக்காமல் வாழ்க்கை, மனம், விதி என்று எதையாவது குறிக்கும் இடம் ஒன்று இருந்தாலும் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். 53 உண்மைச் சாவிகளை எண்ணவைத்த பிறகு, 54ஆவதாக ஓர் உவமைச் சாவி வந்தால் மற்றவையும் அட்டைச் சாவிகளாகிவிடும்.

கடைசியாக நேரங்கள். 2000 கைமாற்றம், 2200 கடை மூடல், 2210 பெட்டி திறப்பு, பத்து நிமிட எண்ணிக்கை, பதிவேட்டைத் திரும்பப் புரட்டியது, கைப்பேசியை எடுத்து வைத்தது, 2225 வரி. இவை அடுத்தடுத்துப் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை கடிகாரத்தை வைத்து நடித்துப் பாருங்கள். ஒரு வளையத்தில் இரண்டு சாவியை மாட்டி, ஆணியில் தொங்கவிட்டு, விரலால் தள்ளி, என்ன ஒலி வருகிறது என்று கேளுங்கள். ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி தள்ளுங்கள். அந்த ஒலிக்கு நீங்கள் எழுதியிருக்கும் சொல் பொருந்தவில்லை என்றால், முதல் மூன்று கொக்கிகளைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.